திர்ஹம் கடனை ரூபாய் வருமானத்தில் கட்டுகிறவருக்கு

கேள்வி: சார், எனக்கு எருத்தேம்பதி பக்கம். ஷார்ஜாவிலிருந்து போன வருஷம் ஊரோட வந்துட்டேன். கொழிஞ்சாம்பாறையில மோட்டார் ரீவைண்டிங் கடை வெச்சிருக்கேன். அங்க பேங்க்ல எடுத்த பர்சனல் லோன் இன்னும் 40,000 திர்ஹம் பாக்கி இருக்கு. 36 தவணை, மாசம் 1,253 திர்ஹம், வட்டி 8 சதவீதம். தவணை மாறவே இல்லன்னு பேங்க் சொல்லுது. ஆனா போன மே மாசம் 29,950 ரூபாய் போச்சு, டிசம்பர்ல 31,900 போச்சு. ரேட் இறங்கறப்போ நாலஞ்சு மாசத்துக்குச் சேர்த்து அனுப்பிடலாமா? இல்ல நகையை வெச்சு மொத்தமா அடைச்சிடலாமா? 5,000 டாலர் எஃப்.சி.என்.ஆர். டெபாசிட் மார்ச்ல முடியுது, அதை ரூபாயாக்கி கடையில போடலாம்னு இருக்கேன். கட்டாம விட்டா இங்க வந்து என்ன பண்ணிடுவாங்கன்னும் சிலர் சொல்றாங்க. என்ன பண்றது?

பதில்:

முதலில் அந்த டாலர் டெபாசிட்டை ரூபாயாக்காதீர்கள். நீங்கள் கேட்டதில் அவசரமாகப் பதில் சொல்ல வேண்டியது அது ஒன்றுதான். காரணம் போகப்போகப் புரியும்.

உங்கள் கடன் திர்ஹத்தில் இருந்தாலும் நீங்கள் பார்க்க வேண்டிய விலை டாலரின் விலை. 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம் என்று அமீரகம் கட்டி வைத்திருக்கிறது. அது அசைவதில்லை. ஆகவே திர்ஹத்துக்கு எத்தனை ரூபாய் என்பது, டாலருக்கு எத்தனை ரூபாய் என்பதை 3.6725 ஆல் வகுத்தால் கிடைப்பதுதான். டாலர் ஒரு ரூபாய் ஏறினால் உங்கள் தவணை சுமார் 341 ரூபாய் ஏறும். இந்த ஒரு எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், செய்தியில் டாலர் விலையைக் கேட்டதுமே அடுத்த தவணையை மனக்கணக்காகச் சொல்லிவிடலாம்.

2025-ஐயே எடுத்துக்கொள்வோம். பிப்ரவரியில் டாலர் 87 ரூபாயைத் தாண்டியது. மே தொடக்கத்தில் 84 பக்கம் இறங்கியது. டிசம்பரில் 90-ஐத் தாண்டியது. டாலர் 84.30 என்றால் திர்ஹம் 22.95. டாலர் 90 என்றால் திர்ஹம் 24.51. இந்த இரண்டையும் 1,253 ஆல் பெருக்கினால் மே மாதத்துக்கு 28,760 ரூபாயும் டிசம்பருக்கு 30,710 ரூபாயும் வருகிறது. நீங்கள் சொன்ன 29,950-க்கும் 31,900-க்கும் நடுவிலுள்ள வித்தியாசம் அப்படியே இதில் அடங்கிவிடுகிறது. பேங்க் சொன்னது பொய்யில்லை. தவணை திர்ஹத்தில் அப்படியேதான் இருக்கிறது, ரூபாய்தான் நகர்ந்திருக்கிறது.

ஆனால் இரண்டு மாதத்திலும் என் கணக்கைவிட நீங்கள் 1,190 ரூபாய் கூடக் கொடுத்திருக்கிறீர்கள் பாருங்கள். அது ரேட் ஏறியதால் வந்ததில்லை, இங்குள்ள பேங்க் எடுத்தது. டிவியில் சொல்வது பேங்குகள் தங்களுக்குள் வாங்கி விற்கும் விலை. உங்களுக்கு விற்கும்போது அதன்மேல் ஒரு பங்கு வைத்துத்தான் விற்பார்கள். கவுண்டரில் அதை TT செல்லிங் ரேட் என்பார்கள். உங்கள் எண்களைப் பார்த்தால் திர்ஹத்துக்கு 40 பைசா போல வைத்திருக்கிறார்கள், அது ஒரு தவணைக்கு 500 ரூபாய். மீதி 700 ரூபாய் அனுப்பும் கட்டணமும் ஜி.எஸ்.டி.யும். பணமாற்றத்துக்கான ஜி.எஸ்.டி. சின்னதுதான், ஒரு லட்சம் வரை நூறு ரூபாய்க்கு 18 பைசா கணக்கு, குறைந்தது 45 ரூபாய். அனுப்பும் கட்டணம்தான் பெரிது. அது 1,000 திர்ஹம் அனுப்பினாலும் 4,000 திர்ஹம் அனுப்பினாலும் கிட்டத்தட்ட ஒன்றேதான்.

இதில் இன்னொரு ஓட்டையும் உண்டு. நடுவில் இருக்கும் பேங்க் தன் கூலியை அனுப்பிய தொகையிலேயே பிடித்துக்கொண்டால், இங்கிருந்து 1,253 போயிருந்தாலும் அங்கே 1,228 தான் வந்து சேரும். குறைந்த 25 திர்ஹத்துக்காகத் தவணை முழுமையாகக் கட்டப்படவில்லை என்று தாமதக் கட்டணம் விழும். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி அங்கத்திய ஸ்டேட்மென்டில் எத்தனை திர்ஹம் வரவாகியிருக்கிறது என்று பார்ப்பதுதான். இங்கே பற்றான மொத்த ரூபாயை அந்த வரவால் வகுத்தால் உங்களுக்கு உண்மையில் விழுந்த ரேட் தெரியும். டிசம்பரில் முழுசாக 1,253 போய்ச் சேர்ந்திருந்தால் அது 25.46. சந்தை ரேட் 24.51 இருந்த நாளில் 25.46 கொடுத்திருக்கிறீர்கள். கட்டணத்தை யார் ஏற்பது என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதில் OUR என்று குறிக்கச் சொன்னால் வழிக்கூலி இங்கேயே வசூலாகும், அங்கே முழுத் தொகை போய்ச் சேரும்.

சரி, தவணை ஏறியது கண்ணுக்குத் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாதது பாக்கித் தொகை. ஒரு வருஷம் முன்பு உங்கள் பாக்கி ஏறத்தாழ 51,340 திர்ஹம் இருந்திருக்கும். அன்று திர்ஹம் 23.30 போல இருந்தது, ஆக 11.96 லட்சம் ரூபாய். இப்போது 40,000 திர்ஹம், டிசம்பரின் 24.50 ரேட்டில் 9.80 லட்சம். ஒரு வருஷம் முழுக்க மூன்றரை லட்சத்துக்கு மேல் கட்டியும் ரூபாய்க் கணக்கில் கடன் 2.16 லட்சம்தான் குறைந்திருக்கிறது. ரேட் நகராமல் இருந்திருந்தால் 2.64 லட்சம் குறைந்திருக்கும். நடுவில் விழுந்த 48,000 ரூபாய், மீதியிருந்த 40,000 திர்ஹத்தின் மேல் திர்ஹத்துக்கு 1.20 ரூபாய் ஏறியதால் வந்தது.

இந்த 48,000-ஐயும் தவணையில் கூடும் பணத்தையும் இரண்டு தனித்தனி நஷ்டமாகக் கூட்டிவிடாதீர்கள். இனி வரும் 36 தவணையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடப்போகிற பணத்தைத்தான் இன்றைய பாக்கியில் ஒரே இடத்தில் பார்க்கிறோம். ஆனால் இப்படி ஒரே இடத்தில் பார்த்தால்தான் ஒன்று விளங்கும்: ரூபாயில் சம்பாதிக்கிறவருக்கு அந்தக் கடனின் வட்டி 8 சதவீதம் இல்லை. 8 சதவீதத்தோடு அந்த வருஷம் ரூபாய் எவ்வளவு விழுந்ததோ அதையும் சேர்த்தால் வருவதுதான் உங்கள் வட்டி. ரூபாய் 3 சதவீதம் விழுந்தால் 11-க்கு மேல். 5 சதவீதம் விழுந்தால் 13-க்கு மேல்.

அங்கே வேலையில் இருந்தபோது இந்தக் கணக்கு உங்களை உறுத்தியிருக்காது. சம்பளமும் திர்ஹம், கடனும் திர்ஹம். ரூபாய் விழுந்த நாளில் எக்ஸ்சேஞ்ச் கடை வாசலில் வரிசையில் நின்று ஊருக்கு அனுப்பியவர்களில் நீங்களும் ஒருவராக இருந்திருப்பீர்கள். கடன் அன்றும் இன்றும் அதேதான். கடலைத் தாண்டி இடம் மாறியது உங்கள் வருமானம்தான்.

அதிலும் உங்கள் தொழிலுக்கு ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. செம்புக் கம்பியின் விலை உலகச் சந்தையில் டாலரில் முடிவாகிறது. டாலர் ஏறும்போது உங்கள் தவணையும் ஏறும், மோட்டார் காயிலில் சுற்றும் கம்பியின் விலையும் ஏறும். எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கத்து விவசாயிக்கு டாலர் ஏறியதால் எதுவும் கூடக் கிடைப்பதில்லை. அவரிடம் ரீவைண்டிங் கூலியை ஏற்றினால் முகம் சுளிப்பார், நெல் கொள்முதல் பணம் வந்ததும் தருகிறேன் என்பார். மழைக்காலத்தில் போர் மோட்டாரும் அவ்வளவாக எரியாது. ஆகவே டாலர் ஏறும் காலத்தில் உங்களுக்கு இரண்டு பக்கமும் அடி விழும். இதே கடனை ஏலக்காய் ஏற்றுமதி செய்கிறவர் வைத்திருந்தால் அவரைப் பார்த்து நான் இவ்வளவு கவலைப்பட மாட்டேன்.

இப்போது உங்கள் முதல் யோசனை, ரேட் இறங்கும்போது சேர்த்து அனுப்புவது. மே மாதம் 84-ஐப் பார்த்த பிறகு அது நல்ல நேரம் என்று சொல்வது சுலபம். அந்த நாளில் இன்னும் இறங்கும் என்று காத்திருந்தவர்கள் நிறையப் பேர். ரேட்டைப் பிடிக்கலாம் என்ற எண்ணத்தில் இதைச் செய்ய வேண்டாம். ஆனால் மூன்று மாதத் தவணையைச் சேர்த்து ஒரே தடவையில் அனுப்புவது வேறு காரணத்துக்காக நல்லது. அனுப்பும் கட்டணம் மூன்றுக்குப் பதில் ஒன்றாகிவிடும், அதில் மாதம் 400 ரூபாய்க்கு மேல் மிஞ்சும். பிப்ரவரி முதல் மே வரை உங்களுக்கு வேலை அதிகமாக இருக்கும். அப்போது வரும் காசில் மழைக்காலத் தவணையை முன்கூட்டி அனுப்பி வைத்தால் ஆடி மாதத்தில் கை பிசைய வேண்டியதில்லை. இதற்கும் எல்லை உண்டு. தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் எல்.ஆர்.எஸ். திட்டம் வழியாக இங்கிருந்து அனுப்பிய பணம் பயன்படாமல் வெளிநாட்டுக் கணக்கில் 180 நாளுக்கு மேல் கிடக்கக் கூடாது. நாலைந்து மாதத்துக்கு மேல் சேர்த்து வைக்க வேண்டாம்.

அதற்கு முன் உங்கள் ஷார்ஜா கணக்கு உயிரோடு இருக்கிறதா என்பதை உறுதிசெய்யுங்கள். விசா ரத்தானதும் பல பேங்குகள் கணக்கை முடக்கும், அல்லது வெளிநாட்டில் வசிப்பவருக்கான கணக்காக மாற்றும். தவணையைத் தானாகப் பிடிக்கும் ஏற்பாடு அதில் தொடர்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வட்டி கடைசி வரை நிலையானதா, இடையில் மாறக்கூடியதா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். மாறும் வட்டி என்றால் அமெரிக்க வட்டியோடு சேர்ந்து அதுவும் ஆடும், அப்போது நான் இங்கே போடும் கணக்கு பொருந்தாது.

அப்புறம் நகைக்கடன். இதை ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது, ஆனால் ஒரு எல்லைக்கோடு போட்டுப் பார்க்கலாம். இன்று பேங்க் திர்ஹத்தை 24.90-க்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடனை முன்கூட்டி முடித்தால் அமீரக மத்திய வங்கி விதிப்படி பாக்கியில் 1 சதவீதம் வரை, அதிகபட்சம் 10,000 திர்ஹம் வரை கட்டணம் வாங்கலாம். உங்களுக்கு அது 400 திர்ஹம். ஆக 40,400 திர்ஹம் வேண்டும், சுமார் 10.06 லட்சம் ரூபாய். இந்தத் தொகையை 10 சதவீத வட்டியில் 36 மாதத் தவணையாக இங்கே வாங்கினால் மாதம் 32,460 ரூபாய் கட்ட வேண்டும். இது கடைசி மாதம் வரை மாறாது.

திர்ஹம் கடனைத் தொடர்ந்தால் இன்றைக்கு 31,200 ரூபாயும், அனுப்பும் செலவு 700 ரூபாயும். மாதம் 560 ரூபாய் இதில் குறைவு. அந்த 560 ரூபாய் எப்போது கரைந்து போகும்? பேங்க் விற்கும் ரேட் 25.35-ஐத் தொடும்போது. இந்தக் கணக்கில் 25.35 தான் எல்லைக்கோடு. அடுத்த மூன்று வருஷத்தின் சராசரி ரேட் இதற்குக் கீழே இருந்தால் திர்ஹம் கடனே லாபம், மேலே போனால் ரூபாய்க் கடன் லாபம். ரூபாய் நகராமல் அப்படியே நின்றால் நகைக்கடனுக்கு மாறியதால் மொத்தம் 20,000 ரூபாய் போல நஷ்டம். வருஷத்துக்கு 3 சதவீதம் விழுந்தால் சராசரி ரேட் 26 பக்கம் வரும், 29,000 ரூபாய் போல மிச்சம். 5 சதவீதம் விழுந்தால் மிச்சம் 65,000 வரை போகும்.

எது நடக்கும்? 2014 தொடக்கத்தில் டாலர் 62 ரூபாய் பக்கம் இருந்தது, 2021 கடைசியில் 74 சொச்சம். அந்த எட்டு வருஷமும் சராசரியாக வருஷத்துக்கு இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல்தான் ரூபாய் விழுந்தது. அடுத்த நாலு வருஷத்தில் 90-க்கு வந்துவிட்டது, அது வருஷத்துக்கு ஐந்து சதவீதத்தை ஒட்டியது. நடுவில் 2017-இல் 68-லிருந்து 64-க்கு இறங்கி ரூபாய் வலுத்ததும் உண்டு. 2013-இல் மே மாதம் 55-க்குள் இருந்த டாலர் ஆகஸ்ட் கடைசியில் 68-ஐத் தொட்டதும் உண்டு. இந்த மாதிரி மூன்று மாதத்தில் கால் பங்கு ஏறுவதுதான் உங்கள் கடையைப் புரட்டிவிடக்கூடியது. இன்று அது நடந்தால் உங்கள் தவணை 31,900-லிருந்து 39,000-க்கு மேல் போய் நிற்கும். மெதுவாக ஏறுவதற்குக் கூலியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிச் சமாளிக்கலாம், இதற்கு முடியாது.

இந்த ஆபத்துக்கு எதிராகச் பின்னொரு தேதிக்கான டாலர் விலையை இன்றே முடித்துக்கொள்ளும் டாலர் ஃபியூச்சர்ஸைச் சந்தையில் வாங்கிக்கொள்ளலாமே என்று யாராவது சொல்வார்கள். ஒரு லாட் 1,000 டாலர், உங்களைப் போல் உண்மையில் வெளிநாட்டுக் கடன் இருப்பவருக்கு அதில் இறங்கத் தடையில்லை. ஆனால் ரேட் எதிர்ப்பக்கம் நகரும் ஒவ்வொரு நாளும் மார்ஜின் பணம் கட்டச் சொல்வார்கள். மோட்டார் கடை கல்லாவிலிருந்து அதைக் கட்டிக்கொண்டிருப்பது உங்களுக்கு ஒத்துவராது.

உங்களுக்குத் தேவையான பாதுகாப்பு ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது, அதுதான் அந்த 5,000 டாலர். அது 18,362 திர்ஹத்துக்குச் சமம், உங்கள் பாக்கியில் 46 சதவீதம். டாலர் எவ்வளவு ஏறினாலும் டெபாசிட்டும் கடனும் சேர்ந்தே ஏறும். ஆகையால் கடனின் அந்தப் பகுதிக்கு ரேட்டைப் பற்றிய கவலையே இல்லை. அதைக் கொண்டுபோய் ரூபாயாக்கிக் கடையில் போட்டீர்களானால் முழு 40,000 திர்ஹமும் பாதுகாப்பில்லாமல் நிற்கும். அதோடு பேங்கின் பங்கை இரண்டு தடவை கொடுப்பீர்கள், டாலரை விற்கும்போது ஒன்று, பிறகு திர்ஹம் வாங்கும்போது இன்னொன்று.

செய்ய வேண்டியது இதுதான். ஊரோடு வந்துவிட்டதை இங்குள்ள பேங்கில் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாவிட்டால் முதலில் அதைச் சொல்லுங்கள். என்.ஆர்.இ. கணக்கு இருந்தால் அதைச் சாதாரணக் கணக்காக மாற்றியாக வேண்டும். எஃப்.சி.என்.ஆர். டெபாசிட்டை முடிவுத் தேதி வரை அதே வட்டியில் வைத்திருக்க விடுவார்கள். முடியும்போது அதை ஆர்.எஃப்.சி. கணக்குக்கு மாற்றச் சொல்லி முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். திரும்பி வந்தவர்கள் டாலரை டாலராகவே வைத்துக்கொள்ளத்தான் அந்தக் கணக்கு. எழுதிக் கொடுக்காமல் விட்டால் முடிந்த அன்றே ரூபாயாகச் சேமிப்புக் கணக்கில் விழுந்துவிட வாய்ப்புண்டு. சின்ன ஊர்க் கிளைகளில் ஆர்.எஃப்.சி. என்றால் முழிப்பார்கள். பாலக்காட்டில் அந்நியச் செலாவணி பார்க்கும் கிளைக்கு அனுப்பச் சொல்லுங்கள். அங்கிருந்து டாலராகவே உங்கள் கடன் பேங்குக்கு அனுப்பலாம். ஆர்.எஃப்.சி. பணத்தை வெளிநாட்டில் பயன்படுத்தக் கட்டுப்பாடு இல்லை.

அனுப்பும் முன் பகுதித் தொகை ஏற்பார்களா, ஏற்றால் கட்டணம் எவ்வளவு என்று அந்த பேங்கைக் கேளுங்கள். 1 சதவீதம் போனால்கூட அசலில் 18,180 திர்ஹம் கழிந்து பாக்கி 21,820 ஆகும். டெபாசிட்டை அப்படியே புதுப்பித்து வைத்திருக்கலாமே என்று தோன்றினால், டெபாசிட்டுக்குக் கிடைக்கும் வட்டியையும் கடனின் 8 சதவீதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பாக்கி குறைந்ததும் இரண்டு வழி இருக்கும். அதே 36 மாதம் வைத்துக்கொண்டால் தவணை 684 திர்ஹத்துக்கு இறங்கும், ரூபாயில் 17,000 சொச்சம். அதே 1,253-ஐத் தொடர்ந்து கட்டினால் 19 மாதத்தில் கடன் முடியும். நான் இரண்டாவதையே சொல்வேன். ரேட்டுக்குப் பயப்பட வேண்டிய காலம் பாதியாகிவிடுகிறது, வட்டியும் மிச்சம். மழைக்காலத்தில் கடை வருமானம் 32,000-ஐத் தாங்காது என்றால் மட்டும் முதலாவதை எடுங்கள். அப்போது டாலர் ஒரு ரூபாய் ஏறினால் தவணை 186 ரூபாய்தான் ஏறும், அது தாங்கக்கூடியது.

19 மாதக் கணக்கு என்று ஆனதும் நகைக்கடன் பேச்சும் அடிபட்டுப் போகிறது. அவ்வளவு குறுகிய காலத்தில் ரூபாய் வருஷத்துக்கு 3 சதவீதம் விழுந்தாலும், முடிப்புக் கட்டணத்தையும் கூடுதல் வட்டியையும் கழித்தால் மிஞ்சுவது கொஞ்சம்தான். அதற்காக வீட்டு நகையைப் பூட்டிவைக்க வேண்டாம். பல நகைக்கடன்கள் வருஷ முடிவில் மொத்தமாகத் திருப்புகிற மாதிரி இருக்கும், மாதத் தவணை இருக்காது. அந்தத் தேதியில் கையில் பணம் இல்லாமல் மறுபடி மறுபடி வைத்துக்கொண்டே போனவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். கேரள அரசின் கே.எஸ்.எஃப்.இ. சிட்டி, அதாவது சீட்டு, ஏதாவது நடந்துகொண்டிருந்து, நல்ல தொகைக்கு விழுந்தால், அதைக் கொண்டு பாக்கியில் ஒரு பகுதியை அடைப்பது வேறு விஷயம், அதைத் தாராளமாகச் செய்யலாம்.

எப்போதாவது மொத்தமாக அடைக்க ரூபாயிலிருந்தே பெரிய தொகை அனுப்ப நேர்ந்தால் வருமான வரிப் பக்கம் ஒன்றைக் கவனியுங்கள். வெளிநாட்டில் இருந்தபோது வாங்கிய கடனை ஊர் திரும்பிய பின் எல்.ஆர்.எஸ். வழியாகக் கட்ட ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது, ஏ2 படிவமும் பான் எண்ணும் போதும். ஆனால் ஒரு நிதியாண்டில் அனுப்புவது 10 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 20 சதவீதத்தை டி.சி.எஸ். என்று முன்கூட்டிய வரியாகப் பிடிப்பார்கள். 2025 ஏப்ரலுக்கு முன் இந்த எல்லை 7 லட்சம். பிடித்ததை வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து திரும்பப் பெறலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கும். மாதத் தவணைகள் மட்டும் என்றால் வருஷத்துக்கு நாலு லட்சத்தைத் தொடாது, கவலையில்லை. மொத்தமாக என்றால் பாதியை மார்ச்சிலும் பாதியை ஏப்ரலிலும் அனுப்பினால் எல்லைக்குள் நிற்கலாம்.

ஷார்ஜாவில் இருக்கும் நண்பர் அங்கே உங்கள் தவணையைத் திர்ஹத்தில் கட்டுவது, நீங்கள் இங்கே அவர் வீட்டில் ரூபாயைக் கொடுத்துவிடுவது என்று ஒரு வழக்கம் உண்டு. கட்டணமும் இல்லை, ரேட்டும் நல்ல ரேட் என்பார்கள். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்லியிருப்பார்கள் என்று தெரியும். அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி அது தப்பு. நண்பர்கள் இருவருக்குள் நடந்தாலும் அதற்கும் குழல்பணம் என்கிற ஹவாலாவுக்கும் சட்டத்தின் கண்ணில் பெரிய வித்தியாசமில்லை. உங்கள் தம்பி அங்கே வேலை செய்து, தன் சம்பளத்திலிருந்து பிரதிபலன் எதிர்பார்க்காமல் அண்ணன் கடனைக் கட்டினால் அது வேறு. அப்படி ஒருவர் இருந்தால் நான் மேலே எழுதியதில் பாதி உங்களுக்குத் தேவையே இல்லை. திர்ஹம் வருமானத்தில் திர்ஹம் கடன் அடைகிறது, அவ்வளவுதான்.

கட்டாமல் விட்டால் இங்கே வந்து என்ன செய்வார்கள் என்று சொல்கிறவர்கள் பழைய நிலவரத்தைச் சொல்கிறார்கள். 2020 ஜனவரியில் இந்திய அரசு அமீரகத்தைப் பரஸ்பர நாடாக அறிவித்தது. சிவில் நடைமுறைச் சட்டம் 44ஏ பிரிவின்படி, அங்குள்ள நீதிமன்றம் கடனுக்காகக் கொடுத்த தீர்ப்பை இங்குள்ள மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, உள்ளூர்த் தீர்ப்பைப் போலவே நிறைவேற்றக் கேட்கலாம். எதிர்த்து வாதாடச் சில காரணங்களைச் சட்டமே அனுமதிக்கிறது, ஆனால் உண்மையாகவே வாங்கிய கடனுக்கு அது அதிக தூரம் கைகொடுக்காது. அதற்குள் திர்ஹத்தில் தாமதக் கட்டணமும் வழக்குச் செலவும் ஏறியிருக்கும், அவ்வளவையும் அன்றைய ரேட்டில் ரூபாயாகக் கட்ட வேண்டி வரும். மறுபடி வளைகுடாப் பக்கம் வேலைக்கோ விசிட்டுக்கோ போகும் எண்ணம் இருந்தால் அந்த வழியும் அடைபடலாம். ஒரு மாதம் தவணை தவறும் என்று தெரிந்தால் தேதிக்கு முன்பே பேங்குக்கு மின்னஞ்சல் போட்டு மாற்றித் தரக் கேளுங்கள். தவறிய பிறகு வசூல் ஏஜென்டோடு பேசுவதைவிட அது எவ்வளவோ மேல்.

கடன் முடிந்த அன்று மூன்று விஷயத்தைக் கேட்டு வாங்காமல் விடாதீர்கள். பாக்கி எதுவும் இல்லை என்ற கடிதம், கடன் வாங்கும்போது கையெழுத்துப் போட்டுக் கொடுத்த செக்யூரிட்டி செக், அமீரகத்தில் கடன் விவரங்களைப் பதிந்து வைக்கும் அல் எதிஹாத் கிரெடிட் பீரோவில் கணக்கு முடிந்ததாகப் பதிவு. செக்கைத் தபாலில் அனுப்பத் தயங்குவார்கள். அங்கிருக்கும் நம்பகமான ஒருவருக்கு அதிகாரக் கடிதம் எழுதிக் கொடுத்து நேரில் வாங்கச் சொல்லுங்கள். அந்தக் கடிதத்தில் என்ன வாசகம் வேண்டும், அத்தாட்சி தேவையா என்பதைக் கடைசித் தவணைக்கு இரண்டு மாதம் முன்பே அந்த பேங்கிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.